பயணம் முடிந்து வீடு திரும்பிய பிறகு காய்ச்சல்: டர்பன் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குடும்ப மருத்துவம் பார்ப்பவர்களிடம் விடுமுறை முடிந்ததும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள், பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் யாத்திரை போனவர்கள், மொசாம்பிக் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போனவர்கள், குரூகர் காட்டுக்கு யானை பார்க்கப் போனவர்கள் எல்லோரும் கேட்பவற்றைக் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது, காய்ச்சல் அடிக்கிறது. சாதாரணக் காய்ச்சலா என்று பார்க்க இரண்டு நாள் பொறுக்கலாமா?

மலேரியா உள்ள இடத்திலிருந்து வந்திருந்தால் பொறுக்கக் கூடாது. மலேரியாவின் கொடிய வகையான ஃபால்சிபாரம், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவரை ஓரிரு நாளில் நினைவிழக்கச் செய்துவிடும். தென்னாப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் பலர் தாமதத்தால் இறக்கிறார்கள். நோயாளியே தாமதிப்பதும் உண்டு. "ஃப்ளூதான்" என்று சொல்லி மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

இருமல், வயிற்றுப்போக்கு, உடம்புவலி, தலைவலி ஆகிய எல்லாவற்றோடும் மலேரியா வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் என்று பள்ளிப் பாடத்தில் படித்த ஒழுங்கு முதல் வாரத்தில் பெரும்பாலும் இருக்காது. அதனால் அறிகுறியை வைத்து ஊகிக்க வேண்டாம். அன்றைக்கே ரத்தம் கொடுங்கள், அன்றைக்கே முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த ஊருக்குப் போனேன் என்று சொன்னேனே, போதாதா? மருத்துவர் ஏன் தேதி தேதியாகக் கேட்கிறார்?

ஒவ்வொரு தொற்றுக்கும் அது உடம்பில் நுழைந்ததற்கும் முதல் காய்ச்சலுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அதை நோய் அரும்பும் காலம் என்கிறோம். இந்த இடைவெளிக்கு ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் இருக்கின்றன. மூன்று தேதிகள் தெரிந்தால் பாதி நோய்களைக் கணக்கிலேயே கழித்துவிடலாம்: அந்த இடத்துக்குள் நுழைந்த நாள், அங்கிருந்து கிளம்பிய நாள், முதன்முதலில் உடம்பு சுட்ட நாள்.

கிளம்பிய நாளிலிருந்து காய்ச்சல் வரை எண்ணினால் கிடைப்பது மிகக் குறைந்த இடைவெளி. நுழைந்த நாளிலிருந்து எண்ணினால் கிடைப்பது மிக அதிக இடைவெளி. தொற்று இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு நாளில் ஏற்பட்டிருக்கிறது. ஒரு நோயின் அரும்பும் காலம் இந்த வரம்புக்குள் எங்குமே பொருந்தவில்லை என்றால், அந்தப் பயணத்தில் அந்த நோய் வந்திருக்க முடியாது. பயணத்தில் இரண்டு மூன்று ஊர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக இப்படி எண்ண வேண்டும். வீடு வந்த நாளை மட்டும் சொல்பவர்கள் மருத்துவரின் கையிலிருக்கும் மிக நல்ல கருவியை முடக்கிவிடுகிறார்கள்.

எந்த நோய்க்கு எத்தனை நாள்? மனப்பாடம் செய்யக்கூடிய அளவுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு கோடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: இரண்டு வாரம், ஆறு வாரம்.

இரண்டு வாரத்துக்குள் வருபவை: டெங்கு பெரும்பாலும் 4 முதல் 10 நாளில், அதிகம் போனால் 14 நாளில் வந்துவிடும். சிக்குன்குனியா பெரும்பாலும் 3 முதல் 7 நாள், மேலெல்லை 12 நாள். ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல் ஏறத்தாழ 5 முதல் 10 நாள். இவை மூன்றும் மூன்றாவது வாரத்துக்கு நீள்வதில்லை. ஊரிலிருந்து வந்து இருபது நாள் கழித்துக் காய்ச்சல் தொடங்கினால் அங்கே கடித்த கொசுவின் டெங்கு அது இல்லை.

இரண்டு வாரக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்பவை: டைபாய்டு பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதம் வரை. எலிக் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் 2 முதல் 30 நாள். ஃபால்சிபாரம் மலேரியா 7 நாளுக்கு முன் வராது. பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும், சிலருக்கு மூன்று மாதம் வரை போகும். ஆறு வாரத்தைத் தாண்டி வருபவை என்று பார்த்தால் அப்படித் தாமதிக்கும் ஃபால்சிபாரத்தோடு ஹெபடைடிஸ், காசநோய், தாமதமாகத் தலைகாட்டும் விவாக்ஸ் மலேரியா ஆகியவை மிஞ்சும். நன்னீரில் நீந்தியவர்களுக்கு வரும் கட்டயாமா காய்ச்சல் பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வாரத்தில் வரும். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

மலேரியா டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, நெகடிவ். அப்புறம் எதற்கு மறுபடியும் வரச் சொல்கிறார்கள்?

முதல் நாளில் ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவாக இருக்கலாம். விரைவுப் பரிசோதனை அட்டையில் கோடு விழவோ, கண்ணாடித் தகட்டில் கண்ணுக்குப் படவோ அது போதாமல் போகும். அதனால் காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, மூன்று முறை நெகடிவ் ஆன பிறகுதான் மலேரியாவை ஒதுக்குவது வழக்கம். தடுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் மாத்திரை ஒட்டுண்ணியின் எண்ணிக்கையை அமுக்கி வைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும்.

அட்டை எல்லா வகை மலேரியாவையும் ஒரே கூர்மையோடு பிடிப்பதில்லை. ஃபால்சிபாரத்தை நன்றாகக் காட்டும், மற்ற வகைகளில் தடுமாறும். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு விவாக்ஸ் மலேரியா முக்கியம் என்பதால் அட்டையோடு, கண்ணாடித் தகட்டில் பார்க்கும் ரத்தப் பூச்சையும் கேட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ஃபால்சிபாரம் சிகிச்சை முடிந்த பிறகும் சில அட்டைகள் வாரக்கணக்கில் பாசிடிவ் காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்து மட்டும் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

நான் தடுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டேன். எனக்கு எப்படி மலேரியா வரும்?

மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், அழிக்காது. அதைவிட முக்கியமாக, "ஒழுங்காக" என்ற சொல் பெரும்பாலும் வீடு வந்த நாளோடு முடிந்துவிடுகிறது. டாக்சிசைக்ளினையும் மெஃப்ளோகுவினையும் மலேரியா இடத்தைவிட்டு வந்த பிறகு நான்கு வாரம் தொடர வேண்டும். அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். கடைசி நாளில் கடித்த கொசு விட்ட கிருமிகள் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு வரும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வாலை வைத்திருக்கிறார்கள். மாத்திரைப் பட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

நான் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் கொசுவும் தண்ணீரும் எனக்குப் பழக்கம்தானே?

பழக்கம் உங்களுக்குத்தான், உடம்புக்கு இல்லை. மலேரியாவுக்கு எதிராகக் கிடைக்கும் அரைகுறைப் பாதுகாப்பு, அந்த நோய் அடிக்கடி தொற்றும் இடத்தில் தொடர்ந்து வாழ்பவர்களுக்கே உண்டு. வெளியே வந்து சில ஆண்டுகளில் அது தேய்ந்துவிடும். டைபாய்டு ஒருமுறை வந்தவருக்கும் மறுபடி வரும். டெங்குவில் நிலைமை தலைகீழ்: ஒரு வகை வைரஸ் முன்பே வந்திருந்தால், வேறு வகை இரண்டாவதாக வரும்போது கடுமையாக வரும் வாய்ப்பு கூடுகிறது. சொந்த ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பில் தடுப்பூசியும் மாத்திரையும் இல்லாமல், உறவினர் வீட்டுத் தண்ணீரைக் குடித்து, தெருவோரத்தில் சாப்பிட்டு வருபவர்களுக்கே, ஹோட்டலில் தங்கும் சுற்றுலாக்காரர்களைவிட, இந்த நோய்கள் அதிகம் வருகின்றன.

தேதி சொல்லிவிட்டேன். அப்புறமும் ஆற்றில் குளித்தாயா, ஆட்டைத் தொட்டாயா என்று துருவித் துருவிக் கேட்கிறாரே டாக்டர்?

நாள்கணக்கு நோய்களைக் கழிக்கும். மிஞ்சியதிலிருந்து எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது சொல்லும். காட்டில் புல்லுக்குள் நடந்தீர்களா? அப்படியென்றால் உண்ணி. வெள்ளம் நின்ற தெருவில் செருப்பில்லாமல் நடந்தீர்களா? எலிக் காய்ச்சல். ஏரியில், ஆற்றில் இறங்கினீர்களா? கட்டயாமா. கொசு கடித்த நேரமும் ஓரளவு உதவும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். ஆனால் "எனக்குக் கொசுவே கடிக்கவில்லை" என்ற பதிலை எந்த மருத்துவரும் கணக்கில் எடுப்பதில்லை. தூக்கத்தில் கடித்தது யாருக்குத் தெரியும்?

புதிய உடலுறவுத் தொடர்பு இருந்ததா என்றும் கேட்பார். மனைவியோ மாமனாரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். எச்ஐவி தொற்றின் முதல் அறிகுறியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரும் காய்ச்சல்தான்.

குரூகர் போய் வந்தோம். காய்ச்சலும் தலைவலியும். முழங்காலுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது. சிலந்தி கடித்ததா?

பெரும்பாலும் உண்ணி. ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சலின் முத்திரையே அந்தக் கறுத்த பொருக்குதான். நடுவில் கருப்பு, சுற்றிலும் சிவப்பு. வலி அதிகம் இருக்காது. பக்கத்திலுள்ள நெறி கட்டியிருக்கும். உள்ளாடை ஓரம், தொடை இடுக்கு, அக்குள், தலைமுடிக்குள் என்று ஒளிந்திருக்கும் என்பதால் உடம்பு முழுவதையும் வேறொருவர் பார்க்க வேண்டும். சில சமயம் இரண்டு மூன்று பொருக்குகள் இருக்கும். தேதியும் பொருந்தி, பொருக்கும் இருந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்கிவிடுவார்கள். முதல் வாரத்தில் எடுக்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை பெரும்பாலும் நெகடிவாகவே வரும். மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நோய் வேறு.

ஒரு எச்சரிக்கை. குரூகர் மலேரியா இடமும்தான். லிம்போபோ, ம்புமலாங்காவின் தாழ்நிலங்கள், குவாசூலு-நட்டாலின் வடகோடி ஆகிய இடங்களில் செப்டம்பர் முதல் மே வரை மலேரியா பரவும். பொருக்கு இருக்கிறது என்பதற்காக மலேரியா பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. ஒரே காட்டில் இரண்டும் கடித்திருக்கலாம்.

மலாவி ஏரியில் நீந்திவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பெல்லாம் தடிப்பு. அலர்ஜி மாத்திரை போட்டால் போதுமா?

போதாது. நத்தைகளிலிருந்து வெளியேறும் சிஸ்டோசோமா புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்போது உடம்பு காட்டும் எதிர்ப்புதான் கட்டயாமா காய்ச்சல். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் எகிறியிருக்கும், அதுவே பெரிய தடயம். சிறுநீரிலும் மலத்திலும் முட்டை தேடினால் இந்தக் கட்டத்தில் கிடைக்காமல் போகலாம். பிராசிகுவான்டல் என்ற மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லும், இளம்புழுவை விட்டுவிடும். அதனால் சில வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். மலாவி வரை போக வேண்டியதும் இல்லை, குவாசூலு-நட்டாலின் பல ஆறுகளிலும் இதே புழு இருக்கிறது.

சென்னைக்கும் போனேன், திரும்பி வந்து நண்பர்களோடு பொன்டா டு ஓரோவுக்கும் போனேன். காய்ச்சல் எங்கே வாங்கியது என்று எப்படிச் சொல்வீர்கள்?

தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜனவரி 2 சென்னையில் இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 14 அன்று கிளம்பினார். 19 முதல் 22 வரை கோசி பே எல்லை வழியாக மொசாம்பிக்கில் பொன்டா டு ஓரோ. 25 அன்று காய்ச்சல். சென்னைக்கு இடைவெளி குறைந்தது 11 நாள், அதிகம் 23 நாள். பொன்டாவுக்குக் குறைந்தது 3, அதிகம் 6.

பொன்டாவிலிருந்து மலேரியா வந்திருக்க முடியாது, 7 நாள் ஆகவில்லை. சென்னையிலிருந்து டெங்கு என்றால் ஜனவரி 11-க்குப் பிறகு கடித்த கொசுவாக இருக்க வேண்டும், அதற்கு முன் என்றால் 14 நாள் தாண்டிவிடும். வாய்ப்பு இருக்கிறது, சிறியதுதான். டைபாய்டு முழுக்கப் பொருந்துகிறது. சென்னையின் விவாக்ஸ் மலேரியாவும் பொருந்துகிறது. ஆகவே 25 அன்று எடுக்க வேண்டியவை: மலேரியாவுக்கு அட்டையும் ரத்தப் பூச்சும், ஆன்டிபயாட்டிக் எதுவும் உள்ளே போகும் முன் ரத்தக் கல்ச்சர், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை. வீட்டு டிராயரில் கிடந்த பழைய ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வேளை விழுங்கிவிட்டு வந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் வைடால் பரிசோதனையை மட்டும் வைத்து டைபாய்டு என்று முத்திரை குத்துவதும் நம்பத்தக்கதல்ல.

மலேரியா நெகடிவ், கல்ச்சரில் டைபாய்டுக் கிருமி வளர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து வரும் டைபாய்டில் சிப்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அதனால் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி தொடங்குவார்கள். டைபாய்டில் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆகும், அதில் பதற வேண்டாம். 30-ஆம் தேதி உடம்பு குளிர்ந்துவிட்டது. பிப்ரவரி 2 அன்று குளிர்நடுக்கத்தோடு மறுபடி காய்ச்சல்.

டைபாய்டுதான் திரும்பி வந்துவிட்டது என்று ஊசியைக் கூட்டலாமா?

மேலே உள்ள கணக்கை பிப்ரவரி 2-க்கு மறுபடி போடுங்கள். பொன்டாவின் இடைவெளி இப்போது 11 முதல் 14 நாள். ஜனவரி 25 அன்று சாத்தியமே இல்லாமல் இருந்த ஃபால்சிபாரம் மலேரியா இப்போது முதல் இடத்தில் நிற்கிறது. அன்றைய நெகடிவ் முடிவு அன்றைக்குத்தான் செல்லும். டைபாய்டு மறுபடி தலைதூக்குவதாக இருந்தால் பெரும்பாலும் மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வரும், மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றே நாளில் வராது. அன்றைக்கே மலேரியா பரிசோதனை எடுக்க வேண்டும்.

நாள்கணக்கை ஒருமுறை போட்டு மடித்து வைத்துவிடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஒரு நோய் கிடைத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

எந்த அறிகுறி வந்தால் கிளினிக்கில் வரிசையில் நிற்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பேச்சு குழறுதல், தடுமாற்றம், வலிப்பு, மஞ்சள் காமாலை, மூச்சு வாங்குதல், கறுத்த சிறுநீர் அல்லது சிறுநீரே வராமை, மாத்திரை தங்காத வாந்தி, எங்கிருந்தாவது ரத்தம் கசிதல். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இவை எதுவும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது. சூடு குறைந்த அன்று கடும் வயிற்றுவலி வந்தால் அது தேறிய அடையாளம் இல்லை.

உகாண்டா, காங்கோ, மேற்கு ஆப்பிரிக்கா போன்ற இடங்களிலிருந்து வந்து 21 நாளுக்குள் காய்ச்சல் என்றால் கிளம்பும் முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். எபோலா, மார்பர்க், லாசா போன்றவற்றின் மேலெல்லை அந்த 21 நாள். அவர்களிலும் பலருக்கு இருப்பது மலேரியாதான். ஆனால் நீங்கள் காத்திருக்கும் அறையில் நுழைவதற்கு முன் மருத்துவமனையில் உள்ளவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இந்தியா போய் வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது மலேரியா என்கிறார்கள். ஆய்வகத்தில் தவறு நடந்ததா?

விவாக்ஸ் என்றால் தவறே இல்லை. அதன் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும். வழக்கமான தடுப்பு மாத்திரைகள் அப்படி உறங்குவதைத் தொடாது. ரத்தத்தில் உள்ளதற்கு ஒரு மருந்தும், கல்லீரலில் உறங்குவதற்குப் பிரைமாகுவினும் வேண்டும். பிரைமாகுவின் கொடுக்கும் முன் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம், குறைவாக இருப்பவர்களுக்கு அந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்தியக் குடும்பங்களில் இந்தக் குறைபாடு அரிதல்ல. மூன்று வாரத்தில் பொருந்தாது என்று டெங்குவைக் கழித்ததுபோல, விவாக்ஸைத் தேதி காட்டிக் கழிக்க முடியாது.

அம்மா வீட்டைவிட்டு எங்குமே போகவில்லை. அவருக்கு எப்படி மலேரியா வந்தது?

மலேரியா இல்லாத கௌடெங்கிலும் இப்படி நடக்கிறது. மொசாம்பிக்கிலிருந்தோ லிம்போபோவிலிருந்தோ வரும் டாக்ஸியில், லாரியில், பெட்டியில் ஒரு கொசு ஏறிவந்து இங்கே யாரையாவது கடிக்கும். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதை ஒடிசியன் மலேரியா என்கிறார்கள். கடிபட்டவர் எங்கும் போகாததால் யாருக்கும் மலேரியா நினைவுக்கு வராது. அதனாலேயே தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, அதனாலேயே உயிருக்கு ஆபத்தாகிறது. காரணம் தெரியாத காய்ச்சலோடு ரத்தத் தட்டணுக்களும் குறைந்திருந்தால், பயணம் போகாதவருக்கும் மலேரியா பரிசோதனை கேளுங்கள். அவருடைய பயணத்தைக் கேட்பதோடு, கடந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த வண்டியில் சாமான் இறங்கியது, பக்கத்தில் நெடுந்தூர டாக்ஸி நிலையம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.